மூளையில்லாமல் ஒரு பிழைப்பு

மைசூரிலிருந்து மடிக்கேரி வழியாக மலையிறங்கி மங்களூர்க் கடற்கரைக்குப் போகும் குடும்பங்களுக்கு ஒரு அனுபவம் வாய்ப்பதுண்டு. மணலில் ஒதுங்கிக் கிடக்கும் சொறிமீனை ஒரு குழந்தை விரலால் தொட்டுப் பார்க்கும். அடுத்த நொடி அலறல். பெரியவர்கள் ஓடிவந்து பார்த்தால் அந்தப் பிராணி செத்து வெகுநேரம் ஆகியிருக்கும். பாதி உலர்ந்து, ஈ மொய்த்துக் கிடக்கும். செத்தது எப்படிக் கொட்டும் என்று அப்போது யாராவது கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். சொறிமீனைப் பற்றித் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வாசல் இல்லை.

தேளும் பாம்பும் கொட்டுவதற்கும் கடிப்பதற்கும் அதனதன் மூளையிலிருந்து உத்தரவு போகவேண்டும். சொறிமீனில் அப்படி உத்தரவு போடும் இடமே கிடையாது. அதற்கு மூளை இல்லை, இதயம் இல்லை, ரத்தம் இல்லை. உடம்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். வெளியே ஒரு தோல் அடுக்கு, உள்ளே வயிற்றை ஒட்டி ஓர் அடுக்கு, இடையில் கூழ். கொட்டும் வேலையை அந்தந்தக் கொட்டும் செல்லே தன் பொறுப்பில் வைத்திருக்கிறது. ஒரு செல் அழியாமல் இருக்கும்வரை, அந்தப் பிராணி உயிரோடிருக்கிறதா இல்லையா என்பது அந்தச் செல்லுக்குப் பொருட்டே இல்லை.

இந்தச் செல்லைப் பார்க்க மைசூர்க்காரர்கள் கடலுக்குப் போகவேண்டியதில்லை. சொறிமீனும் பவளமும் சேர்ந்த குழியுடலிகள் தொகுதியில், நன்னீரில் வாழும் ஹைட்ரா என்ற உறவினர் ஒன்று உண்டு. ஊரைச் சுற்றியுள்ள தெளிந்த குளம் எதிலாவது வேலம்பாசியை ஒரு கைப்பிடி அள்ளி, அதே குளத்துத் தண்ணீரோடு கண்ணாடி ஜாடியில் போட்டு, ஜன்னலோரம் வைக்கவேண்டும். சாக்கடை கலக்கும் ஏரியில் தேடிப் பயனில்லை. ஹைட்ராவுக்கு அழுக்குத் தண்ணீர் ஆகாது. அதிர்ஷ்டமிருந்தால் மறுநாளோ அதற்கு மறுநாளோ, வெளிச்சம் விழும் பக்கத்துக் கண்ணாடியில் சில மில்லிமீட்டர் நீளத்தில் பழுப்பு நூல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். நூலின் ஒரு நுனி கண்ணாடியில் பதிந்திருக்கும். மறுநுனியில் ஆறேழு மெல்லிய இழைகள் தண்ணீரில் ஆடும். அவைதான் உணர்கொம்புகள். நடுவே வாய்.

கை லென்சை வைத்துக்கொண்டு ஒரு நீர்த்தெள்ளை உள்ளே விட்டுப் பார்க்கலாம். துள்ளித் துள்ளிப் போகும் அந்தப் பூச்சி ஓர் உணர்கொம்பில் உரசியதும் சட்டென்று நின்றுவிடும். இரண்டொரு உதறலுக்குப் பிறகு அசைவிருக்காது. மற்றக் கொம்புகளும் வந்து சுற்றிக்கொள்ளும், வாய் அகலத் திறக்கும், பூச்சி முழுதாக உள்ளே போகும். வெளியிலிருந்தே அதன் கறுப்புக் கண் தெரியும், அவ்வளவு மெல்லிய வயிறு.

அந்த உரசலில் நடப்பது நுண்ணோக்கியில்தான் தெரியும். ஓர் உணர்கொம்பை வெட்டிக் கண்ணாடித் தகட்டில் வைத்தால், மேடுமேடாகப் பொறிகள் அடுக்கியிருப்பது தெரியும். ஒவ்வொரு பொறியும் ஒரு கொட்டும் செல். அதற்குள் கடினச் சுவருள்ள ஓர் உறை, உறைக்குள் சுருண்டு கிடக்கும் நீளமான குழல். சட்டையைக் கழற்றும்போது கை உட்புறமாகத் திரும்பிக்கொள்வதுபோல் அந்தக் குழல் உள்ளுக்குள் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது. வெடிக்கும்போது மூடி திறந்து, குழல் அடியிலிருந்து வெளிப்பக்கமாகப் புரண்டுகொண்டே பாய்கிறது. வேரில் உள்ள முட்கள் முதலில் இரையின் தோலைத் துளைக்கின்றன. பின்னால் வரும் குழல் அந்தத் துளை வழியே நுழைந்து விஷத்தை இறக்குகிறது. தகட்டின் ஓரத்தில் ஒரு சொட்டு வினிகரை விட்டால் ஹைட்ராவின் பொறிகள் கண்ணெதிரே வெடித்து நூல்களாகச் சிதறுவதைக் காணலாம். உடம்பிலிருந்து பிரிந்த ஒரு துண்டுக் கொம்பிலும் அது நடக்கும்.

வெடிப்புக்கான விசை எங்கிருந்து வருகிறது? உறைக்குள் புரதத்தைப் போன்ற ஒரு சங்கிலி மூலக்கூறு செறிவாக அடைத்திருக்கிறது. அது உப்பின் அயனிகளைப் பிடித்துவைத்துக்கொண்டு, சுற்றியுள்ள தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கிறது. தண்ணீர் புகப் புக அழுத்தம் ஏறி 150 வளிமண்டல அளவை எட்டுகிறது. கடலில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் அழுத்தம் அது. அந்த உறையின் அகலமோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, அவ்வளவே. சுவர் அதைத் தாங்குவதற்குக் காரணம் கொலாஜன் வகைப் புரதங்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைந்திருப்பது. 2006இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் வினாடிக்கு 14 லட்சம் படங்களுக்கு மேல் எடுக்கும் கேமராவால் ஹைட்ராவின் வெடிப்பைப் பிடித்தார்கள். முட்கள் வெளியே வரும் கட்டம் 700 நானோ வினாடியில் முடிந்துவிடுகிறது. ஒரு வினாடியைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு கூட இல்லை. முடுக்கம் புவியீர்ப்பைப்போல 50 லட்சம் மடங்குக்கும் மேல். உயிருலகில் இதைவிட வேகமான அசைவுகள் மிக அரிது.

இந்த வேகத்துக்கு ஒரு விலை இருக்கிறது. வெடித்த செல் அதோடு தீர்ந்தது. குழலை மறுபடி சுருட்டி உள்ளே வைக்க வழியில்லை. ஒரு சிறு இறாலைப் பிடித்துத் தின்றதும் ஹைட்ராவின் உணர்கொம்பில் உள்ள கொட்டும் செல்களில் கால்வாசி செலவாகிவிடுகிறது. உடம்பில் உள்ள மூலச் செல்களிலிருந்து புதியவற்றை உருவாக்கி, கொம்புக்கு நகர்த்தி, இடத்தில் பொருத்த ஏறக்குறைய இரண்டு நாள். ஆகவே கண்டதற்கெல்லாம் வெடித்தால் கட்டுபடியாகாது. இங்கேதான் சிக்கனம் வருகிறது, சிக்கனத்தோடு ஒரு வகை நிதானமும் வருகிறது.

கொட்டும் செல்லின் மேல் ஒரு முடி நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தொட்டால் செல் வெடிக்கும் என்று பழைய பாடப் புத்தகங்கள் எழுதின. ஆனால் சுத்தமான கண்ணாடிக் குச்சியால் தொட்டால் பெரும்பாலும் ஒன்றும் நடப்பதில்லை. இரையின் உடலில் இருக்கும் சில சர்க்கரைப் புரதங்களின் வாசம் முதலில் தண்ணீரில் கலந்திருக்கவேண்டும், பிறகுதான் தொடுகை வேலை செய்யும். வாசமும் தொடுகையும் சேர்ந்து வந்தால்தான் வெடிப்பு. வயிறு நிறைந்த ஹைட்ரா குறைவாகவே கொட்டுகிறது. கொட்டும் செல்லைச் சுற்றி உணர்வு நரம்புச் செல்கள் அமர்ந்திருக்கின்றன. அவற்றில் ஒளியை உணரும் புரதம் இருப்பதையும், பிரகாசமான ஒளியில் கொட்டுவது குறைந்து மங்கிய ஒளியில் கூடுவதையும் 2012இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஹைட்ராவுக்குக் கண் கிடையாது. இரை நிழலாகக் குறுக்கே வரும்போது செல் தயாராகிறது என்றே அதைப் புரிந்துகொள்ளலாம். ஆக, முடிவு செல்லுடையது. ஆனால் அந்த முடிவின் சுணக்கத்தையும் சுறுசுறுப்பையும் அண்டையிலிருக்கும் நரம்புகள் ஏற்றி இறக்குகின்றன.

வாய் திறப்பதும் இதே பாணிதான். குத்துப்பட்ட இரையின் காயத்திலிருந்து குளூட்டதயோன் என்ற பொருள் தண்ணீரில் கசிகிறது. அது பட்டதும் ஹைட்ரா வாயைத் திறக்கிறது. 1955இல் லூமிஸ் என்ற ஆய்வாளர் இதைக் கண்டுபிடித்தபோது, இரையே இல்லாத தண்ணீரில் அந்தப் பொருளை மட்டும் கரைத்துக் காட்டினார். ஹைட்ரா வாயைத் திறந்து, உணர்கொம்புகளை உள்ளே வளைத்து, எதையோ விழுங்குவதாகப் பாவனை செய்தது. ஏமாந்தது என்று சொல்லலாமா என்று யோசித்தால், ஏமாறுவதற்கு ஒருவர் வேண்டுமே என்று நின்றுவிடவேண்டியிருக்கிறது.

கடற்கரைக் குழந்தைக்கு வருவோம். தோலில் ஒட்டிய கொம்புத் துண்டில் ஆயிரக்கணக்கான பொறிகள் இன்னும் வெடிக்காமல் காத்திருக்கும். நாம் செய்யும் முதலுதவிகள் பல அவற்றை வெடிக்க வைக்கின்றன. மணலை அள்ளித் தேய்ப்பது, துணியால் அழுத்தித் துடைப்பது இரண்டும் தொடுகை. நல்ல தண்ணீரை ஊற்றுவது இன்னும் கெடுதல். உப்பு குறைந்ததும் உறைக்குள் தண்ணீர் பாய்ந்து அது வெடிக்கும். கடல் தண்ணீரால் அலசி, விரலால் தொடாமல் குச்சியாலோ இடுக்கியாலோ இழைகளை எடுத்துவிட்டு, பொறுக்கும் சூட்டில், அதாவது 45 டிகிரி செல்சியஸ் அளவில், வெந்நீரில் இருபது நிமிடம் அமிழ்த்தி வைப்பது வலியைக் குறைக்கும். வினிகர் பெட்டிச் சொறிமீனின் பொறிகளை அடக்கும், வேறு சில வகைகளின் பொறிகளைக் கிளறிவிடும். எது கொட்டியது என்று தெரியாதபோது அதை எடுக்காமல் இருப்பதே மேல். மூச்சு இழுத்தாலோ நெஞ்சு படபடத்தாலோ வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், நேரே மருத்துவமனைதான்.

கொட்டுவது செல்லின் வேலை. நீந்துவது அப்படியல்ல. குடை முழுவதும் ஒரே நேரத்தில் சுருங்கினால்தான் தண்ணீர் பின்னால் தள்ளப்பட்டு உடல் முன்னே போகும். ஆயிரக்கணக்கான தசைச் செல்கள் ஒன்றாகச் சேரவேண்டும். யார் சேர்ப்பது?

ஹைட்ரா இந்தக் கேள்விக்கு உதவாது, அது நீந்துவதில்லை. நன்னீரில் நீந்துகிற சொறிமீன் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. வடக்கே கிருஷ்ணா உற்பத்தியாகும் சாத்தாரா மாவட்டத்துச் சிற்றாறுகளில், பம்பாயில் வேலைபார்த்த எஸ். பி. அகர்கர் என்ற இளம் விஞ்ஞானி சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு சிறிய சொறிமீனைக் கண்டார். அதுவரை அந்தப் பேரினம் ஆப்பிரிக்காவில் மட்டுமே உண்டு என்று நம்பப்பட்டது. கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் நெல்சன் அன்னண்டேல் அதை ஆராய்ந்து லிம்னோக்னைடா இண்டிகா என்று பெயரிட்டார். ஒரு நாணயத்தின் அகலம்தான் இருக்கும். கோடையில் ஆறு வற்றிக் குட்டைகளாகத் தேங்கும் மாதங்களில் தோன்றும். மழை இறங்கி வெள்ளம் வந்தால் அடித்துக்கொண்டு போய்விடும். அகர்கர் பின்னாளில் புனேயில் அமைத்த ஆய்வு நிறுவனம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அங்கேயே ஹைட்ராவை வளர்த்து வெட்டி ஒட்டி ஆராய்கிறார்கள் என்பது திட்டமிட்டு அமைந்த பொருத்தமல்ல.

இந்த நன்னீர்ச் சொறிமீனும் அதன் உறவினங்களும் நிலவுச் சொறிமீனும், நீந்துவதற்கான தாளத்தைக் குடையின் விளிம்பில் வைத்திருக்கின்றன. இதை முதலில் திட்டமாகக் காட்டியவர் ஜார்ஜ் ரொமனஸ், டார்வினின் இளம் நண்பர். 1870களில் ஸ்காட்லாந்துக் கடற்கரையில் நிலவுச் சொறிமீன்களைப் பிடித்து வெட்டிப் பார்த்தார். அதன் குடை விளிம்பில் எட்டு இடங்களில் கண்ணுக்குத் தெரியும் சிறு புள்ளிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் எடையை உணரும் ஒரு படிகமும் ஒளியை உணரும் திட்டும் நரம்புச் செல்களின் ஒரு குவியலும் இருக்கின்றன. எட்டையும் வெட்டியெடுத்தால் குடை துடிப்பதை நிறுத்தியது. ஏழை எடுத்து ஒன்றை மட்டும் விட்டால் துடிப்பு தொடர்ந்தது, கொஞ்சம் நிதானமாக, கொஞ்சம் ஒழுங்கு தவறி. எந்த ஒன்றை விட்டாலும் அப்படித்தான்.

எட்டும் தனித்தனிக் கடிகாரங்கள். அவற்றுக்கு ஒரு தலைவன் கிடையாது. எது முதலில் அடிக்கிறதோ அதன் அலை வலை முழுவதும் பரவி, மற்ற ஏழையும் திரும்பத் தொடக்கத்துக்குத் தள்ளிவிடுகிறது. அடுத்த துடிப்பில் இன்னொன்று முந்தலாம். குடை ஒருபக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்துப் படிகம் அழுந்தி அங்குள்ள கடிகாரத்தின் வேகம் மாறும். சுருக்கம் அங்கிருந்து தொடங்கும், உடல் நிமிரும். எட்டில் ஒன்றிரண்டை மீன் கடித்துக்கொண்டு போனாலும் ஊர்வலம் நிற்பதில்லை. இதை ஒருமுறை புரிந்துகொண்டால், மூளை இல்லை என்பது குறையாகவே தெரியாது. எந்த ஓரிடம் பழுதானாலும் மொத்தமும் நின்றுவிடாத ஏற்பாடு அது.

அலை பரவும் விதத்தில்தான் எனக்கு அதிக ஆச்சரியம். நம் நரம்புகளில் ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்குச் செய்தி ஒரே திசையில்தான் கடக்கும். சொறிமீனின் நீச்சல் வலையில் இரண்டு நரம்புகள் சந்திக்கும் இடத்தில் இருபுறமும் செய்திப் பொருள் அடைத்த குமிழிகள் இருக்கின்றன. எந்தப் பக்கமிருந்து வந்தாலும் கடந்துபோகும். சிங்கப் பிடரிச் சொறிமீனில் பீட்டர் ஆண்டர்சன் 1985இல் இதை மின்முனைகள் வைத்து அளந்தார். முன்னும் இல்லை பின்னும் இல்லை என்ற வட்ட உடம்புக்கு இது பொருத்தம். ரொமனஸ் குடையைச் சுருள் பட்டையாக வெட்டினார். முழுப் பட்டையும் ஒரே நூலாகப் பிணைந்திருக்க, ஒரு நுனியில் விட்டுவைத்த புள்ளியிலிருந்து சுருக்கம் வளைந்து வளைந்து மறுநுனிவரை போனது. குறுக்கும் நெடுக்கும் வெட்டினால் கிடைத்த இடுக்கு வழியே சுற்றிக்கொண்டு போனது. ஒரு கட்டத்தில் இடுக்கு குறுகி அலை தடைபட்டது. பின்னாளில் ஆமையின் இதயத்தை ஆராய்ந்த வால்டர் கேஸ்கெல், இதயத்திலும் இப்படித் தடைபடுவதைக் கண்டு ரொமனஸ் சொன்ன சொல்லையே எடுத்துக்கொண்டார். இன்று மருத்துவர் எழுதித்தரும் 'ஹார்ட் பிளாக்' அங்கிருந்து வந்ததுதான்.

எல்லாத் திசையிலும் பரவுகிற அலை ஏன் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டே இருப்பதில்லை? அலை கடந்துபோன செல்கள் சற்று நேரம் ஓய்வெடுக்கின்றன. அந்த நேரத்தில் எதற்கும் அசைவதில்லை. ஒரு புள்ளியிலிருந்து கிளம்பிய அலை வலதும் இடதுமாக விளிம்பைச் சுற்றி எதிர்ப்புறத்தில் மோதும். இரண்டுக்கும் முன்னால் இருப்பது இப்போதுதான் சுருங்கி ஓய்ந்த தசை. போக இடமில்லாமல் இரண்டும் அங்கேயே அணைந்துவிடும். ஒரு துடிப்பு முடிந்தது.

இந்த ஏற்பாட்டைக் கெடுக்கவும் முடியும். 1906இல் ஆல்பிரட் மேயர் என்ற அமெரிக்கர், சேற்றில் மல்லாந்து கிடக்கும் கசியோபியா என்ற சொறிமீனை எடுத்து, விளிம்புப் புள்ளிகளை எல்லாம் நீக்கி, குடையை ஒரு வளையமாக வெட்டினார். இனி அது தானாகத் துடிக்காது. ஓரிடத்தில் தூண்டிவிட்டு, அலையின் ஒரு பாதியை மட்டும் சற்றுநேரம் தடுத்தார். தடையை எடுத்ததும் எதிரே மோத ஆளில்லாத மறுபாதி வளையத்தைச் சுற்றிவந்தது. அது கிளம்பிய இடத்தை அடையும்போது அங்கே ஓய்வு முடிந்திருந்தது. ஆகவே மறுசுற்று, மறுபடி மறுசுற்று. அந்தத் துண்டுத் தசையில் ஒரே ஓர் அலை நாட்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. மனித இதயத்தில் சில வகைப் படபடப்புகள் இதே காரணத்தால் வருகின்றன. மின்னோட்டம் ஒரு வட்டத்தில் மாட்டிக்கொண்டு வெளியேற வழி தெரியாமல் சுற்றுகிறது. அதிர்ச்சி கொடுத்து எல்லாச் செல்களையும் ஒரே நேரத்தில் ஓய்வுக்கு அனுப்பினால் அலை நிற்கும்.

நீச்சல் வலை ஒன்றுதானா? இல்லை. இளம் நிலவுச் சொறிமீனில் ஒன்றின்மேல் ஒன்று படிந்த இரண்டு வலைகள் இருப்பதை 1956இல் ஏட்ரியன் ஹாரிட்ஜ் காட்டினார். ஒன்று பெரிய நரம்புகளால் ஆனது, நீச்சல் துடிப்பைப் பரப்பும். மற்றது மெல்லிய நரம்புகளாலானது, மெதுவானது, உணர்வையும் தீனியையும் கவனிக்கும். முதல் வலையின் அலை இரண்டாவதில் தானாகத் தொற்றுவதில்லை. இரண்டும் விளிம்புப் புள்ளிகளில்தான் ஒன்றோடொன்று பேசுகின்றன. கொட்டும் வேலை, நீந்தும் வேலை, தின்னும் வேலை என்று தனித்தனிப் பாதைகள் அமைந்திருப்பதால்தான் இரை வந்து ஒட்டிய நேரத்தில் நீச்சல் குழம்புவதில்லை.

தின்னும் பாதை எப்படி வேலை செய்கிறது என்பது 2021இல்தான் நேரில் தெரிந்தது. அமெரிக்காவில் பிராண்டன் வைஸ்போர்டும் டேவிட் ஆண்டர்சனும் கிளைட்டியா என்ற, ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள கண்ணாடிச் சொறிமீனை எடுத்துக்கொண்டார்கள். அதில் ஏறக்குறைய 10,000 நரம்புச் செல்கள். மரபணுவில் மாற்றம் செய்து, செல் வேலைசெய்யும்போது ஒளிரும்படி அமைத்தார்கள். உடம்பு முழுவதும் ஊடுருவித் தெரிவதால், நுண்ணோக்கியில் வைத்து எந்தச் செல் எப்போது வேலை செய்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

விளிம்பில் ஓர் இழையில் ஒரு சிறு இறால் மாட்டியதாக வைத்துக்கொள்வோம். அந்த இழைக்கு நேரே, விளிம்பிலிருந்து நடுவாய்வரை ஆப்பு வடிவில் ஒரு பகுதியில் உள்ள நரம்புகள் ஒளிர்ந்தன. விளிம்பில் அகலமாகவும் நடுவை நெருங்க நெருங்கக் குறுகியும். அந்த ஆப்பில் இருக்கும் தசைகள் மட்டும் சுருங்கி, குடையின் ஓரத்தை உள்ளே மடித்து, இழையையும் இரையையும் வாய்ப்பக்கம் கொண்டுவந்தன. வாயும் குழலோடு அந்தப் பக்கம் வளைந்து எடுத்துக்கொண்டது. எந்த இழையில் இரை மாட்டினாலும் அதற்கு நேரான ஆப்பு. கண்ணுக்கு ஒரே சீராகத் தெரிந்த வலைக்குள் இப்படித் துண்டு துண்டாக வட்டாரங்கள் ஒளிந்திருந்தன.

அவர்கள் வாயை வெட்டி எடுத்தும் பார்த்தார்கள். அப்போதும் விளிம்பு இரையை மடித்து மடித்து, இல்லாத வாய்க்கு ஊட்டியது. இது முட்டாள்தனமாகத் தோன்றும். ஆனால் அந்த வட்டாரம் வேறென்ன செய்யமுடியும்? இரை வந்தது என்ற செய்தி அதனிடம் இருக்கிறது, வாய் போயிற்று என்ற செய்தி வர வழியில்லை. மறுபக்கம், ஒரு குறிப்பிட்ட வகை நரம்புச் செல்களை மட்டும் மருந்தால் கொன்றபோது மடிப்பு நின்றுபோனது, நீச்சல் நிற்கவில்லை. பாதைகள் தனித்தனி என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. பசியுள்ள கிளைட்டியாவின் நரம்புகள் இரை வராதபோதும் அடிக்கடி ஒளிர்கின்றன, வயிறு நிறைந்ததும் குறைகின்றன. அதாவது பசி என்பது வலை முழுவதும் தெரிந்த ஒரு நிலை.

இவ்வளவும் ஓர் உடம்பு இந்த நொடியில் என்ன செய்யவேண்டும் என்பதற்கான ஏற்பாடுகள். போன நிமிடத்திலிருந்து எதையாவது எடுத்துவைத்துக்கொள்ளுமா? பெரும்பாலானோர் இல்லை என்றே கருதிவந்தார்கள். கரீபியக் கடலோரத்து அலையாத்திக் காடுகளில், வேர்களுக்கிடையே டிரிப்படேலியா என்ற பெட்டிச் சொறிமீன் வாழ்கிறது. விரல் நகத்தளவுதான். நான்கு பக்கத்திலும் நான்கு புலன் உறுப்புகள், ஒவ்வொன்றிலும் ஆறு கண்கள், மொத்தம் 24. ஒவ்வொரு உறுப்பிலும் சுமார் ஆயிரம் நரம்புச் செல்கள். கலங்கல் தண்ணீரில் தூரத்து வேர் மங்கலாகத் தெரியும், பக்கத்து வேர் கறுப்பாகத் தெரியும். கறுப்பாகத் தெரிந்தால் திரும்பவேண்டும். ஆனால் தண்ணீரின் கலங்கல் நாளுக்கு நாள் மாறும். இன்றைக்கு எவ்வளவு மங்கல் என்றால் எவ்வளவு தூரம் என்பதைக் கணக்குப்போட்டாகவேண்டும்.

2023இல் ஜெர்மனியில் பணிபுரிந்த யான் பிலெக்கியும் டென்மார்க்கின் ஆண்டர்ஸ் கார்மும் வட்டத் தொட்டியின் சுவரில் சாம்பல் நிறப் பட்டைகளை ஒட்டி இந்தச் சொறிமீன்களை நீந்தவிட்டார்கள். பட்டை மங்கலாக இருந்ததால் சொறிமீன் அதைத் தூரத்து வேர் என்று எண்ணிச் சுவரில் போய் முட்டியது. ஏழரை நிமிடத்தில் முட்டுவது பாதியாகக் குறைந்தது. முட்டலுக்கு முன் சட்டென்று திரும்பித் தப்புவது நான்கு மடங்கு கூடியது. பட்டைகள் இல்லாத தொட்டியில் இந்த மாற்றம் வரவில்லை. கண்ட காட்சியும் முட்டிய உணர்வும் சேர்ந்தால்தான் அது திருத்திக்கொள்கிறது.

கடைசிச் சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு புலன் உறுப்பை மட்டும் உடம்பிலிருந்து வெட்டி எடுத்து, தொட்டிக்கு வெளியே ஒரு திரையின் முன் நிறுத்தினார்கள். திரையில் மங்கலான சாம்பல் பட்டைகள் நகர்ந்தன. முதலில் உறுப்பு எதற்கும் அசைந்துகொடுக்கவில்லை. பிறகு பட்டை நகரும்போதெல்லாம், சுவரில் முட்டினால் வரும் துடிப்பைப்போல ஒரு சிறு மின்தூண்டலைக் கொடுத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தூண்டலை நிறுத்திவிட்டுப் பட்டையை மட்டும் காட்டியபோது, அந்த ஆயிரம் செல்கள் தாமாகவே தப்பிப்பதற்கான துடிப்பு வரிசையை அனுப்பத் தொடங்கின. நீந்த உடம்பில்லை, முட்டச் சுவரில்லை. கற்றுக்கொண்டது அந்தத் துண்டு. உயிருள்ள டிரிப்படேலியாவில் அப்படி நான்கு துண்டுகள் இருக்கின்றன. நரம்பு வளையம் ஒன்று அவற்றை இணைக்கிறது. ஒன்று கற்றது அதன் வழியே மற்ற மூன்றுக்கும் போகிறதா, எவ்வளவு போகிறது என்பது இன்னும் தெளிவாகவில்லை.